மூன்று அலகுக்கு 672 ரூபா

இலங்கையில் ஒரு வீட்டுக்கு மாதம் 90 அலகு மின்சாரம் செலவானால் கட்டணம் 1,720 ரூபா. 91 அலகு செலவானால் 2,344 ரூபா. இடையில் இருப்பது ஒரே ஓர் அலகு. அந்த அலகின் விலை 24 ரூபா என்றுதான் கட்டண அட்டவணையில் போட்டிருக்கிறது. வீட்டுக்காரரிடமிருந்து அது வாங்கிக்கொண்டு போவதோ 624 ரூபா.

“நாங்கள் ஒன்றும் கூடப் பாவிக்கேல்லையே, பிறகு ஏன் கரண்ட் பில் இப்படி ஏறினது?” என்ற கேள்வியை வீட்டுக்கு வீடு கேட்கலாம். கேட்பவர்கள் சொல்வது பெரும்பாலும் உண்மை. அவர்கள் கூடப் பாவித்தது இரண்டு மூன்று அலகாகத்தான் இருக்கும். மீட்டரும் பிழையாக ஓடியிருக்காது, வாசிக்க வந்தவரும் பிழையாக எழுதியிருக்க மாட்டார். அந்த இரண்டு மூன்று அலகு எந்த இடத்தில் வந்து விழுந்தது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

இந்தக் கட்டுரையில் வரும் விலைகள் 2025 ஜூன் 12 முதல் நடைமுறைக்கு வந்த வீட்டுப் பாவனைக் கட்டணத்துக்கு உரியவை. இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு அவ்வப்போது விலைகளை மாற்றும். கணக்குப் போடும் முறை அப்படி அடிக்கடி மாறுவதில்லை. முறை விளங்கிவிட்டால் புது விலைகளை அதில் பொருத்திக்கொள்ளலாம்.

பாவிக்கப் பாவிக்க அலகின் விலை ஏறும் என்பது எல்லோருக்கும் தெரியும். பலருக்குத் தெரியாதது, வீடுகளுக்கு ஒன்றல்ல, இரண்டு விலைப்பட்டியல்கள் இருக்கின்றன என்பது. மாதம் 60 அலகுக்குள் நிற்கும் வீட்டுக்கு ஒரு பட்டியல், அதைத் தாண்டும் வீட்டுக்கு வேறொரு பட்டியல். முதலாவதில் முதல் 30 அலகும் 4 ரூபா 50 சதப்படி, அடுத்த 30 அலகும் 8 ரூபாப்படி. நிலையான கட்டணம் 30 அலகுக்குள் நின்றால் 80 ரூபா, 60க்குள் நின்றால் 210 ரூபா. எனவே சரியாக 60 அலகு பாவித்த வீட்டுக்கு 135, 240, 210 எல்லாம் சேர்த்து 585 ரூபா வரும்.

61ஆவது அலகு ஓடியதும் இந்தப் பட்டியலே கைநழுவிப் போய்விடுகிறது. புதிய பட்டியலில் முதல் அலகிலிருந்தே 12 ரூபா 75 சதம். ஏற்கெனவே மலிவு விலையில் பாவித்ததாக நினைத்திருந்த அந்த 60 அலகும் 375 ரூபாவிலிருந்து 765 ரூபாவாகிவிடும். 61ஆவது அலகுக்கு 18 ரூபா 50 சதம். நிலையான கட்டணம் 400 ரூபா. கூட்டினால் 1,183 ரூபா 50 சதம், அதாவது ஓர் அலகில் பில் இரண்டு மடங்காகிவிட்டது. இந்தக் கட்டண முறையில் மிகவும் ஏழைப்பட்ட வீடுகளுக்கு மிகவும் வலிக்கும் இடம் இதுதான்.

60க்கு மேலே போன வீட்டுக்கு விலை இப்படி ஏறும்: 90 அலகு வரை 18 ரூபா 50 சதம், 120 வரை 24 ரூபா, 180 வரை 41 ரூபா. இந்த ஏற்றம் ஒழுங்கான படிக்கட்டுத்தான். 91ஆவது அலகு 24 ரூபா என்றால், அதற்கு முந்திய 90 அலகும் பழைய விலையிலேயே இருக்கும். விலைப்படி மட்டும் இருந்தால் பில் திடீரென்று துள்ளாது. துள்ள வைப்பது நிலையான கட்டணம். 90 வரை 400 ரூபாவாக இருப்பது 91இல் 1,000 ரூபாவாகும், 121இல் 1,500 ரூபாவாகும். பெயர் நிலையான கட்டணம். ஆனால் அது பாவனையைப் பார்த்து ஏறுகிறது, அதுவும் ஒரே தாவாகத் தாவுகிறது.

கொக்குவில் பக்கத்தில் நாலு பேர் இருக்கும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். போன முறை மீட்டரில் இருந்தது 14582, இந்த முறை 14675. கழித்தால் 93 அலகு. இரண்டு வாசிப்புக்கும் இடையில் 30 நாள். முதல் 60 அலகுக்கு 765 ரூபா. அடுத்த 30க்கு 555 ரூபா. மிஞ்சிய மூன்று அலகுக்கு 72 ரூபா. இதுவரை 1,392. நிலையான கட்டணம் 1,000 சேர 2,392 ரூபா. இதற்கு மேல் சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரி இரண்டரை வீதத்துக்குச் சற்றுக் கூட, ஏறக்குறைய 61 ரூபா. வரியை ஒரு பக்கம் வைத்துவிட்டு, இதே வீடு 90 அலகோடு நின்றிருந்தால் என்ன வந்திருக்கும் என்று பார்த்தால், 1,720 ரூபா. வித்தியாசம் 672 ரூபா. மூன்று அலகுக்கும் பிரித்தால் ஓர் அலகு 224 ரூபா. அட்டவணையில் எந்த மூலையிலும் இந்த விலை இல்லை. ஆனாலும் அந்த வீடு கட்டியது இந்த விலைதான்.

அந்த 93 அலகும் எங்கே போனது? வீட்டில் ஆடம்பரம் ஒன்றுமில்லை. நாள் முழுக்க ஓடும் ஒரு பிரிஜ், நாளுக்கு ஏறத்தாழ 1.2 அலகு, மாதம் 36. எழுபது வாட் சீலிங் பேன் இரண்டு, இரவில் எட்டு மணித்தியாலம் சுற்றினால் 33 அல்லது 34 அலகு. ஒன்பது வாட் எல்இடி பல்ப் நாலு, ஐந்து மணித்தியாலம் எரிந்தால் ஐந்தரை அலகுதான். டிவி நாலு மணித்தியாலம் ஓட ஒன்பதரை அலகு. கிணற்றிலிருந்து ராங்கிக்குத் தண்ணி ஏற்றும் மோட்டர், ஒரு கிலோவாட் இழுத்துக்கொண்டு நாளுக்கு கால் மணித்தியாலம் ஓடினால் ஏழரை. போன் சார்ஜருக்கு ஓர் அலகு. சமையல் காஸில். வெந்நீர் ஹீட்டர் இல்லை, ஏசி இல்லை, அயன் பண்ணுவதும் எப்போதாவதுதான்.

இதில் லைட்டை அணை, லைட்டை அணை என்று பிள்ளைகளை ஏசுவதால் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது. எல்லா லைட்டும் சேர்ந்தே ஐந்தரை அலகுதான். குண்டு பல்ப் எரிந்த காலத்தில் அந்த ஏச்சில் நியாயம் இருந்தது. இன்று பிரிஜும் பேனும்தான் பில்லில் முக்கால் பங்கு. பேன் ஒன்றை முப்பது வாட் அளவில் ஓடும் புதுவகை மோட்டர் பேனாக மாற்றினால் மாதம் 9.6 அலகு குறையும். 93 என்பது 83 ஆகிவிடும், கட்டணம் 1,590 ரூபா 50 சதம். மாதம் 800 ரூபா மிச்சம். அதே பேனை 75 அலகு பாவிக்கும் வீட்டில் மாற்றினால் மிச்சம் 178 ரூபாதான். ஒரே பேன், ஒரே மின்சாரம். வீடு எந்த எல்லைக்குப் பக்கத்தில் நிற்கிறது என்பதைப் பொறுத்துத்தான் அதன் பெறுமதி. புதுச் சாமான் வாங்க முதல் தங்கள் வீடு எங்கே நிற்கிறது என்று பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

பிரிஜில் முதலில் பார்க்க வேண்டியது கதவைச் சுற்றியிருக்கும் ரப்பர். ஒரு ரூபாத் தாளைக் கதவிடுக்கில் பாதி உள்ளே பாதி வெளியே வைத்துக் கதவை மூடுங்கள். பிறகு தாளை இழுங்கள். இறுக்கமாக வந்தால் ரப்பர் நல்லது. சும்மா வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தால் குளிர் போகிறது, மோட்டர் நிற்காமல் ஓடுகிறது. மேலே, கீழே, பிணைச்சல் பக்கம் என்று நாலைந்து இடத்தில் பார்க்க வேண்டும். அனேகமாகக் கீழ் மூலைதான் முதலில் தளரும்.

இனி நாள் கணக்கு. மீட்டர் வாசிப்பவர் பிந்தி வந்தபடியால்தான் பில் கூடிவிட்டது என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர். 33 நாளுக்கு ஒரு முறை வந்தால் அலகு கூடத்தான் செய்யும். அதனால் எல்லையைத் தாண்ட வைத்துவிட்டார்கள் என்பது அவர்கள் கோபம். ஆனால் 60, 90, 120 என்ற எல்லைகள் 30 நாளுக்கு உரியவை. நாள் கூடினால் எல்லையும் கூடும், குறைந்தால் குறையும். 33 நாள் பில்லில் எல்லைகள் 66, 99, 132. அந்த வீடு 93 அலகு பாவித்தது 33 நாளில் என்றால் அது 400 ரூபா நிலையான கட்டணத்திலேயே நின்றிருக்கும். மாறாக, 28 நாளில் வந்து வாசித்தால் எல்லைகள் 56, 84, 112. அப்போது 88 அலகு பாவித்தவர், தொண்ணூறு இன்னும் வரவில்லையே என்று நிம்மதியாக இருப்பார், பில் 1,000 ரூபா நிலையான கட்டணத்தோடு வரும். பில்லில் முதல் வரியில் 60 என்று இல்லாமல் 58, 62 என்று ஏதோ போட்டிருப்பதைப் பார்த்துக் குழம்பியவர்களுக்கு விளக்கம் இதுதான். 58 என்றால் 29 நாள், 62 என்றால் 31 நாள்.

ஆகவே மாதக் கணக்கை மனதில் வைத்திருப்பதில் பிரயோசனம் குறைவு. நாளுக்கு 2 அலகு, 3 அலகு, 4 அலகு, 6 அலகு. உண்மையான எல்லைகள் இவைதான். வாசிப்பவர் எப்போது வந்தாலும் இவை மாறாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மீட்டரைப் பார்த்துக் கலண்டரில் எழுதி வைத்தால் போதும். போன ஞாயிறு 14603, இந்த ஞாயிறு 14625 என்றால் ஏழு நாளில் 22 அலகு. மூன்றின் எல்லை 21. இப்படியே போனால் வீடு 1,000 ரூபாப் பக்கம் சாய்ந்துவிடும் என்று மாத நடுவிலேயே தெரிந்துவிடும், அடுத்த இரண்டு கிழமையில் சரிசெய்ய அவகாசம் இருக்கும். பில் வந்த பிறகு பார்ப்பதால் அந்த மாதத்துக்கு ஒன்றும் செய்ய முடியாது.

நாளுக்கு மூன்று அலகைக் கொஞ்சமாகத் தாண்டும் வீடு குறைக்க வேண்டியதும் கொஞ்சம்தான். மாதம் மூன்று அலகு என்பது நாளுக்குப் பத்தில் ஓர் அலகு. ஒரு கிலோவாட் அயன்பெட்டி ஆறு நிமிடம் சூடாக இருக்கும் மின்சாரம் அவ்வளவுதான். தண்ணி ராங்கி நிரம்பி வழிந்த பிறகும் மோட்டரை நிற்பாட்ட மறந்து போகும் அந்த ஆறு நிமிடமும் அவ்வளவுதான்.

எங்கே போகிறது என்று தெரியாமல் அலகு ஓடுகிறது என்ற சந்தேகம் இருந்தால் மீட்டரே காட்டிக்கொடுக்கும். டிஜிட்டல் மீட்டரின் முகப்பில் ஒரு சிறு சிவப்பு லைட் மினுங்கும். பக்கத்தில் `1600 imp/kWh` என்பது போல எழுதியிருக்கும். 1,600 தரம் மினுங்கினால் ஓர் அலகு என்பது அதன் பொருள். வீட்டில் எல்லாவற்றையும் நிற்பாட்டி, பிளக்குகளையும் கழற்றிவிட்டுப் பாருங்கள். லைட் மினுங்கக் கூடாது. மினுங்கினால் எங்கோ ஒரு வயர் கசிகிறது, அல்லது நீங்கள் மறந்துபோன ஏதோ ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. கசிவு என்றால் அது பில்லோடு முடியும் விஷயமல்ல, ஆளுக்கே ஆபத்து. மின்வேலை தெரிந்தவரைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும். ஒன்றும் மினுங்கவில்லையென்றால் பிரிஜை மட்டும் போட்டு, அதன் மோட்டர் ஓடும் நேரத்தில் ஆறு நிமிடம் எண்ணுங்கள். 24 தரம் மினுங்கினால் மணிக்கு 240, அதாவது 150 வாட். ஒவ்வொரு சாமானையும் இப்படித் தனித்தனியாக நிறுத்துப் பார்க்கலாம். லேபலில் உள்ள வாட்டைவிட இது நம்பத் தகுந்தது, ஏனென்றால் பில்லும் இதே மீட்டரிலிருந்துதான் வருகிறது.

கேற் பூட்டியிருந்து மீட்டரை வாசிக்க முடியாமற் போனால் உத்தேச அலகைப் போட்டுப் பில் வரும். அதைக் கண்டுபிடிப்பது சுலபம். பில்லில் உள்ள வாசிப்பையும் மீட்டரில் அன்று நிற்கும் எண்ணையும் ஒப்பிட்டால், பில்லில் உள்ளது மீட்டரைவிடக் கூடுதலாக இருக்கும், அல்லது இரண்டுக்கும் சம்பந்தமே இருக்காது. எல்லைக்குப் பக்கத்தில் நிற்கும் வீடு இதைச் சும்மா விடக் கூடாது. அடுத்த மாதம் சரிவரும் என்று விட்டால், தவறி ஏறிய நிலையான கட்டணம் தானாக இறங்குமா என்பதைப் பில்லைப் பார்த்துத்தான் உறுதிசெய்ய வேண்டியிருக்கும். மீட்டரைப் படம் எடுத்துக்கொண்டு கணக்கு இலக்கத்தோடு மின்சார அலுவலகத்துக்குப் போவது நல்லது.

ஏன் இப்படி ஒரு முறை? நிலையான கட்டணத்துக்கு என்று ஒரு நியாயம் உண்டு. மரத்தூண், வயர், ட்ரான்ஸ்போமர், மீட்டர், அதை வாசிக்க வருபவர் என்று இவற்றுக்கான செலவு ஓர் அலகுகூடப் பாவிக்காத வீட்டுக்கும் இருக்கிறது. அதை அலகு விலையில் ஒளிக்காமல் தனியாக வாங்குவது சரியான வழி. ஆனால் 90 அலகு பாவிக்கும் வீட்டுக்கும் 91 அலகு பாவிக்கும் வீட்டுக்கும் போவது ஒரே வயர்தான். அந்த வயரின் செலவு 400இலிருந்து 1,000க்கு ஏறவில்லை. எனவே இலங்கையில் நிலையான கட்டணம் வயருக்கான வாடகையாக மட்டும் இல்லை. கூடப் பாவிப்பவரிடம் வாங்கிக் குறையப் பாவிப்பவருக்குக் கொடுக்கும் ஏற்பாடாகவும் அது வேலை செய்கிறது. 30 அலகு பாவிக்கும் வீடு இந்தக் கட்டணப்படி கட்டும் 215 ரூபாவில் அதன் மின்சாரச் செலவு அடங்காது. மிச்சத்தைப் பெரிய வீடுகளும் கடைகளும் ஹோட்டல்களும் சுமக்கின்றன. இந்த நோக்கத்தை நான் குறை சொல்லவில்லை. அந்த ஏற்பாடு குலைந்தால் என்ன நடக்கும் என்பதை நாடு ஒரு முறை பார்த்துவிட்டது. 2022 ஓகஸ்டுக்கு முன் 30 அலகு வீட்டுக்குப் பில் 105 ரூபா. அந்த ஓகஸ்டில் 360 ரூபா ஆனது. 2023 பெப்ரவரியில் அலகு 30 ரூபா, நிலையான கட்டணம் 400 ரூபா என்று ஆக்கியபோது 1,300 ரூபாவாயிற்று. இரண்டு லைட்டும் ஒரு ரேடியோவும் வைத்திருந்த வீடுகளுக்கு வந்த பில் அது.

நோக்கம் நல்லது, ஆனால் அளவுகோல் பிழை என்பதே என் எண்ணம். அலகைப் பார்த்து ஏழை யார், வசதியானவர் யார் என்று முடிவு கட்டுகிறார்கள். யாழ்ப்பாணத்தில் வெளிநாட்டில் இருப்பவர்களின் மாடி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. ஒரு கேற் லைட்டும் எப்போதாவது ஓடும் மோட்டருமாக 20 அலகு. அந்த வீட்டுக்கு நாட்டிலேயே மலிவான மின்சாரம். அதே தெருவில் தாய் தகப்பன், கல்யாணம் முடித்த மகள், மருமகன், பேரப்பிள்ளைகள் என்று ஏழு பேர் ஒரு மீட்டரில் இருக்கும் சிறிய வீடு 110 அலகு பாவித்து 2,800 ரூபா கட்டுகிறது. ஆளுக்கு 16 அலகுகூட இல்லை. அந்த ஏழு பேரும் இரண்டு மீட்டரில் 55 அலகுப்படி பிரிந்திருந்தால் 545 ரூபாப்படி இரண்டு பில், மொத்தம் 1,090 ரூபா. கூட்டுக் குடும்பமாக இருப்பதற்கு மாதம் 1,710 ரூபா தண்டம். எல்லையில் நிலையான கட்டணத்தை ஒரேயடியாக 600 ரூபா ஏற்றாமல், அலகுக்கு அலகு கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினாலே இந்த அநியாயம் குறையும். அரசுக்கு வரும் வருமானமும் குறைய வேண்டியதில்லை.

இந்தச் சங்கடம் அதிகம் வெளிப்படுவது வாடகை வீட்டில். வீட்டுக்காரர் முன்னுக்கு, வாடகைக்காரர் பின் அறையில், மெயின் மீட்டர் ஒன்று, பின் அறைக்கு ஒரு சப் மீட்டர். வீட்டுக்காரர் 70 அலகு, வாடகைக்காரர் 40 அலகு, மொத்தம் 110, பில் 2,800 ரூபா. “தம்பி, யூனிற்றுக்கு 60 ரூபா தாரும்” என்று ஐயா கேட்டால் பின் அறைக்கு 2,400 ரூபா, முன் வீட்டுக்கு 400 ரூபா. கணக்குத் தெரியாதவர் கட்டிவிட்டுப் போவார். நியாயமாகப் பிரிப்பதற்கு வழி உண்டு. தனி மீட்டர் இருந்திருந்தால் 70 அலகுக்கு 1,350 ரூபா, 40 அலகுக்கு 425 ரூபா, கூட்டினால் 1,775. ஒரே மீட்டரில் சேர்ந்ததால் வந்த மேலதிகம் 1,025 ரூபா. அது இருவரும் சேர்ந்ததால் வந்தது, ஆகவே பாதிப் பாதி. வாடகைக்காரர் 937 ரூபா 50 சதம், வீட்டுக்காரர் 1,862 ரூபா 50 சதம். வரியையும் இதே விகிதத்தில் பிரித்துக்கொள்ளலாம். ஒன்றை மட்டும் தவறாமல் செய்ய வேண்டும்: மெயின் மீட்டரை வாசிக்க ஆள் வந்த அதே நாளில் சப் மீட்டரையும் இருவரும் சேர்ந்து நின்று வாசித்துக் கொப்பியில் எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். இரண்டு நாள் பிந்தி வாசித்தால் இரண்டு மூன்று அலகு இங்கும் அங்கும் மாறிவிடும். 112ஆ 115ஆ என்று மூன்றாம் மாதமே வாய்த்தர்க்கம் தொடங்குவது அந்த இரண்டு நாளில்தான்.